பெயர் தெரிந்த பிறகும் ‘டியர் சார்/மேடம்’ எதற்கு?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் ஆங்கிலத் துறை ஆசிரியர்களுக்கும்

வணக்கம்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு இப்போது ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கோடைக்காலப் பயிற்சி கேட்டு எங்கள் குழுவுக்கு வரும் மின்னஞ்சல்களை முதலில் படித்துப் பிரித்து வைப்பது என் வேலைகளில் ஒன்று. இந்தியாவிலிருந்து நிறைய வருகின்றன. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு இந்திய மாணவர்களுக்கு ‘வைஸ்’ என்ற பயிற்சி உதவித்தொகை தருகிறது. அதற்கு இங்குள்ள பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதம் வேண்டும். அந்தப் பேராசிரியரை மாணவரே தேடிப் பிடித்து எழுதிக் கேட்க வேண்டும். உதவித்தொகை எதுவும் இல்லாமல் நேரடியாக எழுதிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுவதைப் பார்க்கும்போது மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. செய்திருக்கும் ப்ராஜெக்ட் நன்றாக இருக்கும். மதிப்பெண் நன்றாக இருக்கும். கடிதமோ இப்படித் தொடங்கும்:

```
Respected Sir/Madam,
Greetings of the day!
```

கடிதம் போய்ச் சேர்ந்த முகவரியிலேயே அந்தப் பேராசிரியரின் பெயர் இருக்கிறது. அவருடைய இணையப் பக்கத்தைத் திறந்துதான் மாணவர் அந்த முகவரியை எடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் தலைப்பில் பெயர், பக்கத்தில் புகைப்படம், கீழே பட்டம், பதவி, அறை எண் வரை எல்லாம் இருக்கின்றன. எடுத்தது மின்னஞ்சல் முகவரியை மட்டும்தான்.

இதைப் படிப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் அவர் பதில் எழுதுவதில்லை. ‘மரியாதை தெரிந்த பிள்ளை’ என்று அவர் நினைப்பதில்லை. சாருக்கும் மேடத்துக்கும் நடுவே ஒரு சாய்கோடு நிற்பதைப் பார்த்ததும், இதே கடிதம் இன்னும் நாற்பது பேருக்குப் போயிருக்கிறது என்று முடிவு செய்கிறார். எழுதியவருக்குத் தான் யாரென்றே தெரியவில்லை, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அப்படியிருக்க என் ஆய்வு பிடித்திருக்கிறது என்று அடுத்த வரியில் சொல்வதை எப்படி நம்புவது என்பதுதான் அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. மோசடி மின்னஞ்சலை எப்படிக் கண்டுகொள்வது என்று பொதுமக்களுக்குச் சொல்லித்தரும் அரசு அமைப்புகள், பெயர் சொல்லாமல் பொத்தாம்பொதுவாக விளிப்பதை ஓர் அடையாளமாகச் சொல்கின்றன. அமெரிக்காவின் எஃப்.டி.சி., பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் இரண்டும் இதைச் சொல்கின்றன. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் பாதுகாப்புப் பயிற்சியிலும் இதையே சொல்கின்றன. முன்பின் தெரியாத முகவரி, பெயரில்லாத விளிப்பு, கூடவே ஓர் இணைப்புக் கோப்பு. மூன்றும் சேர்ந்து வந்தால் திறக்காதே என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்த இணைப்புக் கோப்புதான் உங்கள் மாணவரின் பயோடேட்டா.

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்பது நமக்குத் தெரியும். பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிய நாளிலிருந்து ஃப்ரம், டு, ரெஸ்பெக்டட் சார், சப்ஜெக்ட் என்ற வரிசை கையில் ஊறிவிட்டது. அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வீட்டில் தப்பு. ஹெட்மாஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளை தமிழ்நாட்டில் கிடையாது. அதே கூச்சத்தோடுதான் மாணவர் ஒரு ஜெர்மன் பேராசிரியருக்கும் எழுதுகிறார். பெயரை எழுதினால் துடுக்குத்தனம் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலக் கடிதத்தில் பட்டத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுவதுதான் மரியாதையான விளிப்பு என்று யாராவது அவருக்குச் சொல்லித்தர வேண்டும். அதைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

பெயர் சொல்லி எழுதுவது ஏதோ வெளிநாட்டு வழக்கம் என்றும் எண்ண வேண்டாம். நம் அரசு அலுவலகங்களிலேயே இரண்டு முறைகள் இருக்கின்றன. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதும் முறையான கடிதம் ‘சார்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடியும். ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியின் தனிக் கவனத்துக்கு எழுதினால் அது டி.ஓ. லெட்டர், தமிழில் நேர்முகக் கடிதம். அது ‘டியர்’ போட்டு, பெயரைச் சொல்லித் தொடங்கி, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடியும். காரியம் நடக்க வேண்டும், அவரே பார்க்க வேண்டும் என்றால் டி.ஓ. போடு என்பது எந்த அலுவலக எழுத்தருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பேராசிரியரிடம் பயிற்சி கேட்டு மாணவர் எழுதுவது அவருடைய தனிக் கவனத்துக்குத்தான். நாமோ அதற்கு முதல் வகைக் கடிதத்தைக் கற்றுக்கொடுக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் பார்த்துவிடலாம். பெயர்கள் கற்பனை. கவின் என்ற மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஓர் ஆய்வுக் குழுவின் தலைவருக்கு எழுதுகிறார். குழுவின் பக்கத்தில் `Dr. Katrin Müller` என்று இருக்கிறது. கவின் எழுதியது:

```
Respected Sir/Madam,
I am Kavin P, pursuing third year B.E.
in a reputed institution...
```

முதலில் செய்ய வேண்டியது, இதில் குடும்பப் பெயர் எது என்று பார்ப்பது. ஜெர்மன் பெயரில் கடைசியில் வருவது குடும்பப் பெயர், எனவே ‘முல்லர்’. அடுத்தது பட்டம். அவர் டாக்டர், அதனால் அவர் ஆணா பெண்ணா, திருமணமானவரா என்ற கேள்விகளுக்கே இடமில்லை. பெயருக்கு முன் ‘ப்ரொஃப். டாக்டர்’ என்று இரண்டும் சேர்ந்திருந்தால் ஆங்கிலத்தில் ‘ப்ரொஃபெசர்’ ஒன்று போதும். மூன்றாவதாக எழுத்து. ‘u’ மேல் இருக்கும் இரண்டு புள்ளிகள் அலங்காரம் இல்லை, அந்த எழுத்தே வேறு. பெயரைப் பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுவது நல்லது. முடியாவிட்டால் `Mueller` என்று எழுதலாம், அது ஜெர்மன்காரர்களே கையாளும் மாற்று. புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு `Muller` என்று எழுதினால் பெயர் தப்பு. கவினின் கடிதம் இப்போது இப்படி ஆகிறது:

```
Dear Dr Müller,
I am a third-year mechanical engineering student
at ... and I am writing to ask about a summer
internship in your group.
```

முடிவில் `Yours sincerely,` அல்லது `Kind regards,` போட்டுத் தன் முழுப் பெயரை எழுதுகிறார். பிரிட்டிஷ் வழக்கில் தொடக்கமும் முடிவும் ஜோடி என்பதை வகுப்பில் ஒரு முறை சொன்னால் போதும்: பெயர் தெரியாமல் சார் என்று தொடங்கினால் ஃபெய்த்ஃபுல்லி, பெயரோடு தொடங்கினால் சின்சியர்லி. ‘டாக்டர்’ சுருக்கத்துக்குப் பின் அமெரிக்கர்கள் புள்ளி வைப்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் வைப்பதில்லை. இதற்காக யாரும் கடிதத்தைத் தள்ளிவைக்கப் போவதில்லை. நீங்களும் மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

விளிப்பைத் திருத்திய கையோடு ‘க்ரீட்டிங்ஸ் ஆஃப் த டே’ என்ற வரியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் கேட்க வந்தது இருக்க வேண்டும். கடிதத்தைத் திறக்கும் முன்பே தலைப்புக்குப் பக்கத்தில் அதன் முதல் சில சொற்கள் திரையில் தெரிகின்றன. அங்கே தன் பெயரும் பயிற்சி பற்றிய வரியும் தெரிந்தால் அவர் திறக்கிறார். ‘ரெஸ்பெக்டட் சார்/மேடம் க்ரீட்டிங்ஸ் ஆஃப் த’ என்று தெரிந்தால் கடந்துபோகிறார்.

முல்லர் எளிது. எது குடும்பப் பெயர் என்று தெரியாத பெயர்கள்தான் பிள்ளைகளைத் திணறடிக்கின்றன. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சீனா, கொரியா, ஹங்கேரி ஆகிய நாடுகளில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஜப்பானியப் பெயரும் அப்படித்தான், ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது திருப்பிப் போடுவது நெடுநாள் வழக்கம். 2020-லிருந்து ஜப்பானிய அரசு தன் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயரை முதலில் போடுகிறது. தனிமனிதர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் சீனப் பேராசிரியர் பலர் பெயரை ஐரோப்பிய வரிசைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாட்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர்கள். அவற்றில் முதலாவதுதான் முக்கியமானது. கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸை வெறும் ‘மார்க்கேஸ்’ என்பது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேராசிரியர்கள் விஷயத்தில் ஒரு நேர்வழி இருக்கிறது. அவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையை வேறொருவர் மேற்கோள் பட்டியலில் எப்படிக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். அங்கே ஒரு பகுதி முழுதாக இருக்கும், மற்றது முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். முழுதாக இருப்பது குடும்பப் பெயர். `X. Wang` என்று இருந்தால் வாங் என்பதே குடும்பப் பெயர், எனவே `Dear Professor Wang`. கட்டுரையைத் தேடும் சாக்கில் அதன் சுருக்கத்தையாவது மாணவர் படித்துவிடுவார், அதுவும் நல்லதுதான்.

பட்டம் இல்லாதவர்களுக்கு எழுதும்போது வேறு சிக்கல் வருகிறது. ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு அலுவலரின் பெயர் கையில் இருக்கும், அவர் மிஸ்டரா மிஸ்ஸா தெரியாது. ஆன்ட்ரேயா ஜெர்மனியில் பெண் பெயர், இத்தாலியில் ஆண் பெயர். ஊகிக்க வேண்டாம், முழுப் பெயரையும் எழுதினால் போதும்: `Dear Andrea Rossi,`. இதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. பெண் என்று உறுதியாகத் தெரிந்தால் `Ms` போடலாம். `Mrs` வேண்டாம், அவரே அப்படிக் கையெழுத்திட்டிருந்தால் ஒழிய. ஒருவருடைய மணவாழ்க்கை வேலை விண்ணப்பத்தில் வரவேண்டிய செய்தி இல்லை. பெண் பேராசிரியருக்கு ‘டியர் சார்’ என்று வரும் கடிதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவை இன்றும் வருகின்றன. ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் என்ற லண்டன் சட்ட நிறுவனம் 2016-லேயே தன் கடிதங்களில் ‘டியர் சர்ஸ்’ என்ற விளிப்பைக் கைவிட்டது. அதுவரை சட்ட உலகில் அதுதான் ஊறிப்போன வழக்கம்.

‘சார்/மேடம் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால் பிள்ளைகள் வேறு பிழைகளுக்குப் போகிறார்கள். அதிகம் பார்ப்பது `Dear Mr. John` என்ற வகை. நமக்கு முருகன் என்றால் முருகன்தான். முன்னால் நிற்கும் ‘கே’ அப்பாவின் பெயர். ஆகவே `Mr Murugan` சரி. அதே கணக்கில் ஜான் ஸ்மித்தை மிஸ்டர் ஜான் ஆக்கிவிடுகிறார்கள். அங்கே மிஸ்டரோடு சேர வேண்டியது ஸ்மித். இதற்கு நேரெதிராக, முதல் கடிதத்திலேயே ‘ஹாய் கேட்ரின்’ என்று தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நிறுவனங்களில் அது செல்லும். ஜெர்மன் பேராசிரியரிடம் முதல் கடிதத்தில் செல்லாது.

ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிப் பலருக்கு அனுப்புபவர்களின் பிழை எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது. பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சற்றே சாம்பல் நிறத்தில் தெரியும். பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டியது பளிச்சென்று தெரிந்துவிடும். அதைவிட மோசம், முல்லருக்கு வரும் கடிதத்தில் வேறொரு பேராசிரியரின் பெயர். பெயரில்லாத கடிதத்துக்காவது ஒரு வாய்ப்பு உண்டு, தவறான பெயருள்ள கடிதத்துக்கு எதுவும் இல்லை. ஜிமெயிலில் `Ctrl+Shift+V` அழுத்தி ஒட்டினால் பழைய எழுத்துரு கூடவே வராது. விளிப்பை எழுதியதும் பெறுநர் முகவரியோடு அதை ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். நாற்பது பேருக்கு அனுப்புவதை விட்டு ஐந்து பேருக்கு எழுதினால் இந்தப் பிழை தானாகவே போய்விடும் என்பது என் கருத்து.

பதில் வந்துவிட்டால் அடுத்த விளிப்பை அந்தப் பதிலே சொல்லிக்கொடுக்கும். ‘கேட்ரின் முல்லர்’ என்று முழுப் பெயரில் முடித்திருந்தால் `Dear Dr Müller` என்றே தொடர வேண்டும். வெறும் ‘கேட்ரின்’ என்று முடித்திருந்தால், பெயர் சொல்லியே எழுதலாம் என்று அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அடுத்த கடிதத்தில் `Dear Katrin` என்று எழுதலாம். கூச்சமாக இருந்தால் இன்னொரு கடிதம் வரை டாக்டர் முல்லரிலேயே இருக்கலாம், தப்பில்லை. அவர் பெயரைச் சொல்லி எழுதிய பிறகும் மாணவர் ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்று பதில் போட்டால், தன் கடிதத்தைச் சரியாகப் படிக்கவில்லையோ என்று அவருக்குத் தோன்றும்.

இதன் மறுபக்கத்தை நாம் கவனிப்பதே இல்லை. அவர் நம் பிள்ளையை எப்படி விளிப்பார்? கவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயர் பழனிசாமி இருக்கிறது. அதைப் பார்த்து ‘டியர் மிஸ்டர் பழனிசாமி’ என்று பதில் வருகிறது. கவினுக்கு அது அப்பாவுக்கு வந்த கடிதம்போல இருக்கும். ‘கவின் பி’ என்று மட்டும் எழுதினால் அந்த ‘பி’ என்னவென்று அவருக்குப் புரியாது. கவின் ஆணா பெண்ணா என்றும் தெரியாது. அவரையும் நாம் அதே சார்/மேடம் இக்கட்டில் மாட்டிவிடுகிறோம். கடிதத்தின் அடியில் முழுப் பெயரையும், அதற்குக் கீழே தன்னை எப்படி அழைக்கலாம் என்பதையும் ஒரு வரியில் எழுதினால் சிக்கல் தீர்ந்தது:

```
Kavin Palanisamy
Please call me Kavin (Mr)
```

‘சார்/மேடம்’ என்ற விளிப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருடைய மேசைக்குப் போகும் என்றே தெரியாத புகார், டெண்டர், பொது முகவரிக்கு எழுதும் விசாரணை, இவற்றுக்கு அது இன்றும் சரி. அங்கேயும் பதவியோ பிரிவோ தெரிந்தால் `Dear Hiring Manager` அல்லது `Dear Admissions Team` மேலானது. இந்த மடலையே பாருங்கள். உங்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியாததால் பதவியைச் சொல்லித்தான் அழைத்திருக்கிறேன். அரசு அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பமும், சொந்தத் துறைத் தலைவருக்கு எழுதும் விடுப்புக் கடிதமும் பழைய முறையிலேயே இருக்கட்டும். படிப்பவர் எதிர்பார்க்கும் மரியாதை அங்கே அதுதான்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு: கடைசி ஆண்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் போகும் மாதிரிக் கடிதத்தை மாற்றுங்கள். அதில் விளிப்பு வரி வெறுமையாக இருக்கட்டும், ‘பெறுநரின் பட்டம், குடும்பப் பெயர்’ என்ற குறிப்பு மட்டும் இருக்கட்டும். நிறுவனங்களிலிருந்து வந்து போகும் அலுவலர்களின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கும். மாணவர்களுக்கு முகவரியைக் கொடுக்கும்போது பெயரையும் பட்டத்தையும், அவர் தன்னை எழுதிக்கொள்ளும் வடிவத்திலேயே, சேர்த்துக் கொடுங்கள்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு: உள்மதிப்பீட்டுத் தேர்வில் கடிதக் கேள்வி கேட்கும்போது பெறுநரின் பெயரைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள். ‘ஒரு நிறுவனத்தின் மேலாளருக்கு எழுதுக’ என்று கேட்கும் வரை மாணவர் ‘ரெஸ்பெக்டட் சார்’தான் எழுதுவார், அவருக்கு வேறு வழி இல்லை. ஒரு சீனப் பெயர், ஒரு ஸ்பானியப் பெயர், பாலினம் தெரியாத ஒரு பெயர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பெயரைக் கொடுத்த பிறகும் சார்/மேடம் என்று எழுதினால் அப்போது மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

மூன்றாவது இருவருக்கும். உங்கள் மாணவர் உங்களுக்கு ஆங்கிலத்தில் `Dear Dr Selvi` என்று எழுதினால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில கல்லூரிகளில் அப்படி எழுதிய பிள்ளைகளை அழைத்துக் கண்டித்திருக்கிறார்கள் என்று இங்கே படிக்க வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் எழுதிப் பழகாததை அவர்கள் வெளியில் போய்த் திடீரென்று எழுதிவிட முடியாது. வேண்டுமானால் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: மின்னஞ்சலில் என்னை இப்படி அழைக்கலாம் என்று, உங்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி.

அன்புடன்,
ஜெர்மனியிலிருந்து ஒரு முன்னாள் மாணவர்